லிஸ்ட் ஸ்கேனுக்குப் பதில் ட்ரீ: டீம் லீடுக்கு அளவுகளோடு ஒரு கடிதம் எழுதுவது எப்படி

"இந்தக் கோடு மெதுவாக இருக்கிறது, ட்ரீ போட்டால் வேகமாகும்" என்று டீம் லீடிடம் சொன்னால், "சரி, அடுத்த ஸ்பிரின்ட்டில் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். அந்த வாக்கியத்தில் அவர் முடிவெடுக்க எதுவும் இல்லை. எவ்வளவு மெதுவாக இருக்கிறது, யாருக்கு மெதுவாக இருக்கிறது, மாற்றினால் என்ன உடையும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் அவரால் முடிவு சொல்ல முடியும். அப்படி ஒரு கடிதத்தைத் துண்டு துண்டாக எழுதிப் பார்ப்பதுதான் இந்த வழிகாட்டி.

எடுத்துக்கொள்ளும் உதாரணம் வேலூரில் கிளினிக், லேப், ஸ்கேன் சென்டர்களுக்கு எங்கள் டீம் செய்யும் ரிமைண்டர் சர்வீஸ். நோயாளிக்கு அப்பாயின்ட்மென்டுக்கு முந்தைய நாள் மாலை ஒரு எஸ்.எம்.எஸ்., அன்று காலை இன்னொன்று. கேட்க எளிது. ஆனால் வேலூருக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் நிறைய. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரத் தாமதமானால் டாக்டரைப் பார்க்கும் நாள் தள்ளிப்போகும். காட்பாடியிலிருந்து திரும்பும் ரயிலில் டிக்கெட் உறுதியானால் முன்னால் இழுத்துக் கேட்பார்கள். எங்கள் லாக் ஃபைலில் மூன்றில் ஒரு ரிமைண்டர், அனுப்புவதற்கு முன்பே ரத்தாகிறது அல்லது நேரம் மாறுகிறது. எந்த டேட்டா ஸ்ட்ரக்சர் பொருந்தும் என்பதை முடிவு செய்ததே இந்த விஷயம்தான்.

## முதல் படி: கோடு எங்கே, யாருக்கு வலிக்கிறது

கடிதத்தின் முதல் பத்தியில் ட்ரீ என்ற சொல்லே வேண்டாம். இப்போது இருப்பதை மட்டும் காட்டுங்கள். எங்கள் விஷயத்தில் அனுப்ப வேண்டிய ரிமைண்டர்கள் எல்லாம் மெமரியில் ஒரு `ArrayList`-இல் இருந்தன. டைமர் அடுத்து எப்போது எழ வேண்டும் என்று தெரிந்துகொள்ள இப்படி ஒரு லூப்:

```java
Reminder next = null;
for (Reminder r : pending)
    if (next == null || r.dueAt.isBefore(next.dueAt))
        next = r;
```

இதைப் பார்த்தவுடன் யாருக்கும் தப்பாகத் தோன்றாது. ரிமைண்டர் ஒன்று சேர்ந்தாலும், ரத்தானாலும், நேரம் மாறினாலும் ஒவ்வொரு முறையும் இது ஓடுகிறது என்பதில்தான் சிக்கல். ஓடும்வரை லாக் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் ரிசப்ஷனில் இருப்பவர் ஒரு அப்பாயின்ட்மென்டை மாற்ற பட்டனை அழுத்தினால் திரை நிற்கும். கடிதத்தில் இப்படி எழுதலாம்:

> வணக்கம் அண்ணா. மாலை நாலு மணிக்கு மேல் கிளினிக்குகள் மறுநாள் பட்டியலை மொத்தமாக அப்லோட் செய்யும்போது ரிசப்ஷன் திரை மூன்று விநாடி வரை நிற்பதாகப் புகார் வருகிறது. காரணம் டேட்டாபேஸ் இல்லை. ஒவ்வொரு வரி சேரும்போதும் அடுத்த ரிமைண்டரைக் கண்டுபிடிக்க முழு லிஸ்டையும், லாக் பிடித்துக்கொண்டு, ஸ்கேன் செய்கிறோம். அளந்த எண்கள் கீழே. மாற்ற வேண்டியது ஒரே ஒரு கிளாஸ்.

"ஒரே ஒரு கிளாஸ்" என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது. லீடு முதலில் கணக்குப் போடுவது வேகத்தை அல்ல, எத்தனை இடத்தில் கை வைக்கப் போகிறீர்கள் என்பதை.

## இரண்டாவது படி: பெருக்கிப் பாருங்கள்

அளப்பதற்கு முன்னால் பேப்பரில் ஒரு பெருக்கல். லிஸ்டில் எத்தனை பேர், ஸ்கேன் எத்தனை முறை? இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வேலை. எங்கள் லிஸ்டில் மாலையில் ஏறக்குறைய 50,000 ரிமைண்டர்கள். ஒரு பெரிய அப்லோடில் 6,000 வரிகள். பெருக்கினால் 30 கோடி ஒப்பீடுகள். இது எழுதத் தகுந்த எண்.

இதே லூப் விநாடிக்கு ஒரு முறை மட்டும் ஓடியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன். 50,000 ரிமைண்டரை ஒரு முறை ஸ்கேன் செய்ய அரை மில்லி செகண்டுதான் ஆகிறது. ஒரு விநாடியில் அரை மில்லி செகண்டை மிச்சப்படுத்த ஒரு டேட்டா ஸ்ட்ரக்சரை மாற்றுவது வீண் வேலை. நீளமான லிஸ்டைப் பார்த்தவுடன் ட்ரீ என்று கை பரபரக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பெருக்கல் அதை அடக்கிவிடும்.

மரம் என்ன செய்கிறது என்பதையும் இங்கே இரண்டு வரியில் சொல்லலாம். ட்ரீ என்று நான் சொல்வது ஜாவாவின் `TreeMap`. அதன் உள்ளே இருப்பது சிவப்பு-கறுப்பு மரம். சேர்க்கும்போதும் நீக்கும்போதும் தன்னைத் தானே சரி செய்துகொள்வதால் ஒரு பக்கமாகச் சாயாது. n முனைகள் இருந்தால் உயரம் 2 × log₂(n+1)-ஐத் தாண்டாது. 50,000-க்கு log₂ ஏறக்குறைய 15.6. ஆக மிக மோசமான நிலையிலும் 31 முனைகளைத் தாண்டாமல் வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம். 50,000 ஒப்பீடு எங்கே, 31 எங்கே.

சந்தேகப்படும் லீடாக இருந்தால் ஒரு முன்னுதாரணமும் உதவும். லினக்ஸ் கெர்னலில் துல்லியமான டைமர்களை நிர்வகிக்கும் `hrtimer` தன் டைமர்களை முடியும் நேரப்படி சிவப்பு-கறுப்பு மரத்தில்தான் வைத்திருக்கிறது. அங்கேயும் இதே தேவை: அடுத்தது எது என்று உடனே தெரிய வேண்டும், நடுவில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்ய முடிய வேண்டும்.

## மூன்றாவது படி: அளப்பது

இங்கேதான் பெரும்பாலான கடிதங்கள் சறுக்கும். `System.nanoTime()` இரண்டு முறை போட்டு, நடுவில் ஒரு முறை கோடை ஓட்டிக் கழித்துப் பார்ப்பது அளவு ஆகாது. ஜாவா கோடு முதல் சில ஆயிரம் முறை மெதுவாக ஓடும். அடிக்கடி ஓடும் பகுதியை ஜேஐடி கம்பைலர் கண்டுகொண்ட பிறகுதான் அதன் உண்மையான வேகம் தெரியும். இன்னொரு பக்கம், லூப்பின் விடையை நீங்கள் எங்கேயும் பயன்படுத்தாவிட்டால் கம்பைலர் லூப்பையே தூக்கி எறிந்துவிடலாம். அப்போது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் வரும், சந்தோஷமாகவும் இருக்கும். இரண்டையும் ஜாவாவுக்கான பெஞ்ச்மார்க் கருவியான `JMH` பார்த்துக்கொள்ளும். முதலில் சூடேற்ற ஓட்டங்கள், பிறகு அளக்கும் ஓட்டங்கள். பெஞ்ச்மார்க் மெத்தடிலிருந்து விடையை `return` செய்தால் போதும், கம்பைலரால் அதை வெட்ட முடியாது.

அடுத்தது டேட்டா. ரேண்டம் நேரங்களை வைத்து அளக்காதீர்கள். உண்மையான ரிமைண்டர்கள் "முந்தைய நாள் மாலை 6 மணி" என்று ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். ஒரு பரபரப்பான மாலையின் நிகழ்வு லாக்கை எடுத்து, பெயரையும் போன் எண்ணையும் அழித்துவிட்டு, சேர்த்தல், ரத்து, மாற்றம் எல்லாவற்றையும் அதே வரிசையில் இரண்டு கோடுகளிலும் ஓட்டினோம். லேப்டாப்பில் அளக்காமல், ப்ரொடக்‌ஷனில் இருப்பதைப் போன்ற அதே சிறிய சர்வரில் அளந்தோம். லேப்டாப்பில் கேச் பெரிதாக இருந்தால், லிஸ்ட் ஸ்கேன் உண்மையைவிட நல்ல பெயர் வாங்கிவிடும்.

எங்கள் சோதனை சர்வரில் ஒரு மாற்றத்துக்கு, அதாவது ஒரு ரிமைண்டரைச் சேர்த்து அடுத்தது எது என்று தெரிந்துகொள்ள, ஆன நேரம் இது. நடு மதிப்பு, மைக்ரோ செகண்டில்:

| ரிமைண்டர்கள் | லிஸ்ட் ஸ்கேன் | ட்ரீ |
|---|---|---|
| 20 | 0.15 | 0.2 |
| 500 | 4 | 0.3 |
| 5,000 | 45 | 0.5 |
| 50,000 | 520 | 0.9 |

உங்கள் மெஷினில் எண்கள் வேறாக வரும். வடிவம் மாறாது: லிஸ்ட் பத்து மடங்கானால் நேரமும் ஏறக்குறைய பத்து மடங்காகிறது, ட்ரீயில் கொஞ்சம்தான் ஏறுகிறது. முதல் வரியை மறைக்காதீர்கள். 20 ரிமைண்டர் இருக்கும்போது லிஸ்ட்தான் வேகம், ஏனென்றால் சின்ன லிஸ்டில் 20 ஒப்பீடுகள் செய்வது, மரத்தில் ஒரு புதிய முனையைச் சேர்ப்பதைவிட மலிவு. ட்ரீ தோற்கும் இடத்தையும் டேபிளில் வைத்தவரின் மற்ற எண்களை லீடு நம்புவார்.

அப்புறம் டேபிளைப் பெருக்கலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 520 மைக்ரோ செகண்ட் × 6,000 = 3.12 விநாடி. முழு அப்லோடைத் தனியாக அளந்தபோது ஸ்கேனுக்கு 3.1 விநாடி வந்தது. இரண்டும் ஒத்துப்போகிறது, ரிசப்ஷன் சொன்ன "மூன்று விநாடி"யோடும் ஒத்துப்போகிறது. இந்த மூன்றும் பொருந்தாமல் ஒன்று விலகி நின்றால், கடிதத்தை அனுப்பாமல் முதலில் அளவு எங்கே பிசகியது என்று தேடுங்கள். பெரும்பாலும் அளந்தது ஒன்று, வலிப்பது வேறொன்றாக இருக்கும்.

> 6,000 வரி அப்லோடுக்கு இப்போது மொத்தம் 4.6 விநாடி. அதில் ஸ்கேன் 3.1, டேட்டாபேஸில் எழுதுவது 1.5. ட்ரீ போட்டால் 3.1 என்பது 0.01 விநாடிக்குள் வந்துவிடும். டேட்டாபேஸின் 1.5 அப்படியே இருக்கும். எனவே அப்லோட் செய்பவருக்கு மூன்று மடங்கு வேகம்தான், ஐநூறு மடங்கு இல்லை. ஆனால் டேட்டாபேஸில் எழுதும்போது நாம் லாக் பிடிப்பதில்லை. அதனால் ரிசப்ஷன் திரை நிற்பது அறவே போகும்.

520-ஐ 0.9-ஆல் வகுத்து "ஐநூறு மடங்கு வேகம்" என்று தலைப்பு போடும் ஆசை வரும். போடாதீர்கள். ரிலீஸ் ஆன பிறகு யாரும் ஐநூறு மடங்கைப் பார்க்கப் போவதில்லை.

## நான்காவது படி: "ஏன் அது இல்லை?" என்ற கேள்விகள்

லீடு கேட்கப் போவதை நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள். `HashMap` ஏன் இல்லை என்றால், அதில் ஐடி கொடுத்து எடுக்கலாம், "எல்லாவற்றிலும் முந்தியது எது" என்று கேட்டால் அதற்கு வரிசையே தெரியாது. இது ஒரு வரியில் முடியும்.

ஹீப் ஏன் இல்லை என்பதுதான் நியாயமான கேள்வி. அடுத்தது எது என்று மட்டும் கேட்பதாக இருந்தால் `PriorityQueue` போதும், மரத்தைவிட எளிது. ஆனால் அதில் நடுவில் இருக்கும் ஒன்றை `remove(Object)` செய்ய ஜாவா முழு ஹீப்பையும் வரிசையாகத் தேடும். மூன்றில் ஒரு ரிமைண்டர் ரத்தாகவோ மாறவோ செய்யும் இடத்தில், விரட்டிய லிஸ்ட் ஸ்கேன் பின்வாசல் வழியாக வந்துவிடும். இதற்கும் ஒரு வழி உண்டு: நீக்காமல் "ரத்து" என்று குறித்துவைத்து, முறை வரும்போது தூக்கிப் போடுவது. வேகத்தில் அது ட்ரீக்குச் சளைத்ததல்ல. ட்ரீயை நான் தேர்ந்தெடுத்தது, "அடுத்த ஒரு மணி நேரத்தில் போகப்போகும் ரிமைண்டர்கள்" என்று ரிசப்ஷனில் ஒரு திரை இருப்பதால். `headMap` அதை நேரடியாகக் கொடுக்கும். ஹீப்பிலிருந்து வரிசையான பட்டியலை நேரடியாக எடுக்க முடியாது.

சார்ட் செய்த `ArrayList`? உண்மையைச் சொன்னால் அது மோசமில்லை. இடத்தைக் கண்டுபிடிக்க `binarySearch`, பிறகு நடுவில் நுழைக்கப் பாதி லிஸ்டை நகர்த்த வேண்டும். 50,000 ரெஃபரன்ஸில் பாதி என்றால் 100 கே.பி. அவ்வளவையும் ஒரே மூச்சில் நகர்த்துவது இன்றைய ப்ராசசருக்குப் பெரிய வேலை இல்லை. மொத்த அப்லோடும் நூறு மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் `binarySearch` திருப்பித் தரும் மைனஸ் எண்ணை வைத்து நுழைக்கும் இடத்தைக் கணக்கிடும் கோடை நாம் எழுத வேண்டும், நாமே காப்பாற்ற வேண்டும். ட்ரீயில் அது வேண்டாம். வித்தியாசம் அவ்வளவுதான், அதை அப்படியே எழுதிவிட்டேன்.

டேட்டாபேஸ் இண்டெக்ஸும் பெரும்பாலும் உள்ளே ஒரு ஒழுங்கான மரம்தான். ரிமைண்டர்கள் ஏற்கெனவே மெமரியில் இல்லாமல் இருந்திருந்தால் `due_at` மேல் ஒரு இண்டெக்ஸ் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பேன்.

## ஐந்தாவது படி: கோடும், அதில் இருக்கும் இரண்டு பள்ளங்களும்

கடிதத்தோடு கோடு சுருக்கமாக இருக்கட்டும். மரத்தின் சாவி இதுதான்:

```java
record Key(long dueMs, long id) implements Comparable<Key> {
    public int compareTo(Key o) {
        int c = Long.compare(dueMs, o.dueMs);
        return c != 0 ? c : Long.compare(id, o.id);
    }
}
```

நேரத்தை மட்டும் சாவியாக வைக்காமல் ஐடியையும் ஏன் சேர்க்கிறோம்? `TreeMap`-இல் ஒரே சாவி இரண்டு முறை வந்தால் பழையதன் மதிப்பை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். மாலை 6 மணிக்கு 400 பேருக்கு ரிமைண்டர் என்றால் 399 பேர் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். எக்செப்‌ஷன் வராது, லாக் ஃபைலில் எதுவும் இருக்காது, டெஸ்டில் ஆளுக்கொரு நேரம் கொடுத்திருந்தால் டெஸ்டும் பாஸ் ஆகும். `compareTo` எங்கே பூஜ்ஜியம் தருகிறதோ அங்கே இரண்டும் ஒன்றே என்று மரம் எடுத்துக்கொள்ளும். `equals` என்ன சொல்கிறது என்று அது கேட்பதில்லை.

இரண்டாவது பள்ளம் நேரத்தை மாற்றும்போது. ரிமைண்டர் ஆப்ஜெக்டையே `TreeSet`-இல் போட்டு, பிறகு அதன் `dueAt`-ஐ செட்டர் வைத்து மாற்றினால், ஆப்ஜெக்ட் மரத்தில் பழைய நேரத்தின் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். புதிய நேரத்தை வைத்துத் தேடும் மரம் வேறு கிளையில் இறங்கி "இல்லை" என்று சொல்லும். `remove` செய்தால் `false` வரும், யாரும் அதைப் பார்ப்பதில்லை. ரத்து செய்த அப்பாயின்ட்மென்டுக்கு நோயாளிக்கு எஸ்.எம்.எஸ். போகும். இதைத் தடுக்கத்தான் சாவி `record`: உள்ளே இருப்பதை மாற்றவே முடியாது. மாற்றம் என்றால் எடு, புதிதாகச் செய், வை:

```java
Key old = keyOf.get(id);
Reminder r = pending.remove(old);
Key fresh = new Key(newDueMs, id);
pending.put(fresh, r);
keyOf.put(id, fresh);
```

`pending` இப்போது லிஸ்ட் இல்லை, `TreeMap`. `keyOf` என்பது ஐடியிலிருந்து சாவிக்குப் போகும் `HashMap`. ரிசப்ஷன் ஐடியைத்தான் கொடுக்கும், பழைய நேரத்தைக் கொடுக்காது. இந்த இரண்டாவது மேப் இல்லாவிட்டால் பழைய நேரத்தைக் கண்டுபிடிக்க மறுபடி முழு ஸ்கேன். இரண்டு பள்ளங்களையும் பிடிக்க ஒரே சோதனை போதும்: ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் `pending.size()` உம் `keyOf.size()` உம் சமமாக இருக்க வேண்டும், `remove` திருப்பித் தருவது `null` ஆக இருக்கக் கூடாது.

`TreeMap` பல த்ரெட்களுக்குப் பாதுகாப்பானது அல்ல. இப்போது இருக்கும் லாக்கை எடுத்துவிடக் கூடாது. பிடித்திருக்கும் நேரம்தான் குறைகிறது.

> செலவு: மெமரி. 64 பிட் ஜேவிஎம்மில் மரத்தின் ஒரு முனைக்கு 40 பைட், சாவிக்கு 32. இன்னொரு மேப்பையும் சேர்த்தால் 50,000 ரிமைண்டருக்குச் சுமார் 7 எம்.பி. இப்போதைய லிஸ்ட் 200 கே.பி. நம் சர்வரில் இது பிரச்சினை இல்லை.

## கடைசியில் கேட்பது

கடிதத்தின் முடிவில் "உங்கள் கருத்து என்ன" என்று விடாதீர்கள். எதற்கு அனுமதி வேண்டும் என்று எழுதுங்கள். நான் கேட்டது இரண்டு கோடுகளையும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவதற்கு. பழைய லிஸ்ட்தான் அனுப்பும், மரம் வெறுமனே கூடவே வரும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டும் சொல்லும் அடுத்த நேரத்தை ஒப்பிட்டு, வேறுபட்டால் லாக் ஃபைலில் ஒரு வரி.

ஒப்பிடுவது நேரத்தை மட்டும், ரிமைண்டர் ஐடியை அல்ல. ஒரே நேரத்தில் பலர் இருக்கும்போது பழைய கோடு லிஸ்டில் முன்னால் இருப்பவரைத் தரும், மரம் ஐடி சிறியவரைத் தரும். ஐடியை ஒப்பிட்டால் தினமும் மாலை 6 மணிக்கு நூற்றுக்கணக்கில் பொய் எச்சரிக்கை வரும். வரிசை மாறுவது யாரையாவது பாதிக்குமா என்பதையும் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். எஸ்.எம்.எஸ். விஷயத்தில் பாதிக்காது. டோக்கன் வரிசையாக இருந்தால் பாதிக்கும், அங்கே ஐடிக்குப் பதில் பதிவு செய்த வரிசை எண்ணை வைக்க வேண்டும்.

> ஒரு வாரம் லாக் ஃபைலில் வேறுபாடு எதுவும் வராவிட்டால் மரத்துக்கு மாற்றிவிடலாம். மாற்றுவதும் திரும்புவதும் ஒரே கான்ஃபிக் வரியில். பெஞ்ச்மார்க் கோடும் போன் எண் நீக்கிய லாக் ஃபைலும் ரிப்போவில் `bench/` ஃபோல்டரில் இருக்கின்றன. நீங்களே ஓட்டிப் பார்க்கலாம் அண்ணா, பத்து நிமிடம் ஆகும்.